வினாடிக்கு முந்நூறு வரிகள்: சென்சார் தரவும் தரவுத்தளங்களும்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலை ஒரே கட்டடமாக இருக்காது. மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை, காய வைக்கும் மேடை, சரக்கு வைக்கும் மேகசின் என்று சிறு சிறு கட்டடங்கள் இடைவெளி விட்டுச் சிதறிக் கிடக்கும். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்காக வைத்த இடைவெளி அது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே சூடு ஏறும். கோடை வெயிலில் காய வைத்த சரக்கின் மேற்பரப்பு காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சுடும். விபத்துகளில் பெரும்பங்கு உராய்வினால் வருபவை; வெப்பமானி எதுவும் அவற்றை முன்கூட்டிச் சொல்லிவிடாது. ஆனாலும் அறைக்கு அறை வெப்பமும் ஈரமும் எப்படி ஏறி இறங்கின என்ற பதிவு இருந்தால், எந்த நேரத்தில் எந்த வேலையை நிறுத்த வேண்டும் என்று போர்மேன் பேசுவதற்கு ஓர் ஆதாரம் கிடைக்கும்.

அப்படி ஒரு பதிவை உருவாக்கினால் அதை எங்கே சேமிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. வெடிமருந்து அறைக்குள் மின்கருவி எதையும் நம் விருப்பத்துக்கு மாட்ட முடியாது. எந்தக் கருவி, எந்த இடத்தில் என்பதை வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறைதான் சொல்ல வேண்டும். அதன் அலுவலகம் சிவகாசியிலேயே இருக்கிறது. அந்த அனுமதி கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டு கணக்கைப் போடுவோம்.

60 அறைகள். அறைக்கு 5 அளவீடுகள்: காற்றின் வெப்பம், ஈரப்பதம், மேடையின் மேற்பரப்பு வெப்பம், எர்த் இணைப்பின் மின்தடை, கதவு திறந்திருக்கிறதா என்பது. மொத்தம் 300 சென்சார்கள், ஒவ்வொன்றும் வினாடிக்கு ஒரு முறை ஓர் எண்ணை அனுப்புகிறது. ஒரு நாளைக்கு 2 கோடியே 59 லட்சத்து 20 ஆயிரம் அளவீடுகள் வரும். வருடத்துக்கு 946 கோடி. ஒரு சின்ன ஆலையின் கணக்கு இது.

பழகிய கையால் எழுதினால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அட்டவணை இப்படித்தான் வரும்:

```sql
CREATE TABLE alaveedu (
  neram    timestamptz NOT NULL,
  mathippu double precision,
  unarvi   integer NOT NULL
);
CREATE INDEX ON alaveedu (unarvi, neram);
```

நேரம், மதிப்பு, எந்த சென்சார் என்ற மூன்றே பத்திகள். ஓர் அளவீட்டுக்கு ஒரு வரி. படிக்கவும் புரியவும் இதைவிட எளிதாக எழுத முடியாது. முதல் வாரம் நன்றாகவே ஓடும். மூன்றாம் மாதம் நேற்றைய வெப்ப வரைபடம் திறக்கவே ஒரு நிமிடம் ஆகும். டிஸ்க் நிறைந்துகொண்டே போகும். பழையதை அழித்தாலும் இடம் திரும்பி வராது. சர்வரின் வயதையோ இணைய இணைப்பையோ குறை சொல்லத் தோன்றும். உண்மையான காரணம் அந்த மூன்று பத்திகள் டிஸ்க்கில் படுத்துக் கிடக்கும் விதம்.

முதலில் எழுதும் பக்கத்தைப் பார்ப்போம். சென்சாரிலிருந்து எண் வந்தவுடன் ஒரு INSERT, உடனே ஒரு COMMIT என்று நிரல் எழுதியிருந்தால், ஒவ்வொரு COMMIT-க்கும் தரவுத்தளம் தன் WAL கோப்பை டிஸ்க்கில் உறுதியாக எழுதி முடித்த பிறகே "சரி" என்று சொல்லும். மின்சாரம் போனாலும் தரவு போகாது என்ற உத்தரவாதத்துக்கு அது கொடுக்கும் விலை இது. நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். ஒரே இணைப்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக உண்மையாக எழுதினால் வினாடிக்கு ஏறக்குறைய அத்தனை COMMIT தான் முடியும். வருவதோ 300. மீதி வரிசையில் நிற்கும், வரிசை நீளும். எஸ்எஸ்டி போட்டால் இந்தச் சுவர் தள்ளிப் போகும், ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று காத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு டிரான்ஸாக்‌ஷனுக்கும் 32 பிட் எண் ஒன்றைக் கொடுக்கிறது. அந்த எண்கள் தீர்ந்து சுற்றிவிடாமல் இருக்க, autovacuum_freeze_max_age என்ற எல்லையைத் தாண்டியதும் அட்டவணையைக் கட்டாயமாகத் துப்புரவு செய்யும். அந்த எல்லையின் இயல்பான அளவு 20 கோடி. நாளைக்கு 2.59 கோடி டிரான்ஸாக்‌ஷன் என்றால் எட்டு நாளுக்குள் எல்லை வந்துவிடும். மற்ற வேலைகளில் பல மாதங்களுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் துப்புரவு இங்கே வாரா வாரம் வந்து டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். சர்வர் ஏன் திடீரென்று திணறுகிறது என்று தேடுகிறவர் pg_stat_activity-யில் "to prevent wraparound" என்ற சொற்களைக் கண்டால் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து சுலபம். ஒரு வினாடியில் வரும் 300 அளவீடுகளையும் சேர்த்து ஒரே டிரான்ஸாக்‌ஷனாக எழுதினால் நாளைக்கு 86,400 தான். இந்த ஒரு திருத்தத்தைச் செய்யாமல் புதுத் தரவுத்தளம் தேடிப் போவது வீண்.

அடுத்தது இடம். நேரத்துக்கு 8 பைட், மதிப்புக்கு 8, சென்சார் எண்ணுக்கு 4. ஆக ஓர் அளவீட்டின் உண்மையான சரக்கு 20 பைட். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு வரிக்கும் தலைப்பாக 24 பைட் வைக்கிறது. இந்த வரியை யார் எழுதினார், யார் அழித்தார், எந்த டிரான்ஸாக்‌ஷனுக்கு இது தெரியலாம் என்ற குறிப்புகள் அதில் இருக்கும். 8-இன் மடங்காக நிரப்புவதற்கு 4, பக்கத்துக்குள் வரி எங்கே இருக்கிறது என்று காட்ட 4. கூட்டினால் 52 பைட். இண்டெக்ஸில் அதே அளவீட்டுக்கு இன்னும் 31 பைட் அளவில் போகும். 20 பைட் சரக்குக்கு 83 பைட் இடம். நாளைக்கு 2.15 ஜிபி, வருடத்துக்கு 785 ஜிபி.

யார் எழுதினார், யார் அழித்தார் என்ற குறிப்பு வங்கிக் கணக்குக்கு உயிர்நாடி. ஒரே நேரத்தில் இருவர் ஒரே கணக்கில் கை வைத்தால் அதுதான் காப்பாற்றும். 14-ஆம் அறையின் காலை 11:02:37 மணி வெப்பத்தை யாரும் திருத்தப் போவதில்லை. ஒருமுறை எழுதியது எழுதியதுதான். வரிவாரித் தரவுத்தளங்கள் எந்த வசதிக்காக இத்தனை இடத்தைச் செலவழிக்கின்றனவோ, அந்த வசதி சென்சார் தரவுக்கு ஏறக்குறைய தேவையே இல்லை.

இடத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், டிஸ்க் மலிவாகிவிட்டது. உண்மையாக வலிப்பது படிக்கும்போதுதான். கடைக்காரர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்: அன்றாடச் சிட்டையில் வந்த வரிசையில் எல்லாம் எழுதப்படும், பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். ஒருவருடைய வருடக் கணக்கைப் பார்க்கச் சிட்டையைப் புரட்டினால் ஒவ்வொரு தாளிலும் அவருடைய வரி ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும், தாள் முழுவதையும் புரட்டியாக வேண்டும். மேலே உள்ள அட்டவணை ஒரு சிட்டை.

எண்ணிப் பார்ப்போம். போஸ்ட்கிரெஸ் டிஸ்க்கிலிருந்து 8 கேபி கொண்ட பக்கமாகத்தான் படிக்கும். ஒரு பக்கத்தில் நம்முடைய 157 வரிகள் அடங்கும். வினாடிக்கு 300 வரி வருவதால் ஒரு வினாடியின் தரவே இரண்டு பக்கத்தை நெருங்கிவிடும். அப்படியானால் ஒரு சென்சாரின் அடுத்தடுத்த இரண்டு அளவீடுகள் ஒரே பக்கத்தில் இருக்க வழியே இல்லை. 14-ஆம் அறையின் நேற்றைய வெப்பம் வேண்டும் என்றால் 86,400 அளவீடுகளுக்கு 86,400 வெவ்வேறு பக்கங்களைத் தொட வேண்டும். 708 எம்பி படித்து, அதிலிருந்து 0.7 எம்பி எடுத்துக்கொண்டு, மீதியை விட்டுவிடுகிறோம். இண்டெக்ஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை அது சரியாகச் சொல்லும். ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்கும் வேலையை அது மிச்சப்படுத்தாது. மதிப்பையும் இண்டெக்ஸுக்குள்ளேயே சேர்த்து வைத்தால் படிப்பது வேகமாகும், எழுதும் சுமையும் இடமும் அதற்கேற்பக் கூடும். தரவு நினைவகத்தில் அடங்கியிருக்கும் வரை இது எதுவும் தெரியாது. முதல் வாரம் நன்றாக ஓடி, மூன்றாம் மாதம் தடுமாறுவதன் ரகசியம் இதுவே.

கடைசியாக, அழிப்பது. மூன்று மாதத்துக்கு முந்தையதை DELETE செய்தால் போஸ்ட்கிரெஸ் அந்த வரிகளை உடனே எடுத்துவிடாது, செத்த வரி என்று குறி மட்டும் போடும். பிறகு VACUUM வந்து அந்த இடத்தைப் புது வரிகளுக்காக விடுவிக்கும். இயங்குதளத்துக்கு இடம் திரும்பக் கிடைப்பது அபூர்வம். நாளைக்கு 2.59 கோடி வரி எழுதவும் வேண்டும், அதே அளவு வரியைச் செத்ததாகக் குறிக்கவும் வேண்டும், பின்னால் வந்து பெருக்கவும் வேண்டும் என்றால், ஒரு தரவுக்காக மூன்று முறை டிஸ்க்கைத் தொடுகிறோம். df கட்டளையில் டிஸ்க் குறையாமலே இருப்பதும், pg_stat_user_tables-இல் n_dead_tup ஏறிக்கொண்டே போவதும் இதன் அடையாளங்கள்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் மின்நிலையங்களும் இதை முதலில் சந்தித்தன. 1980-இல் தொடங்கிய ஓஎஸ்ஐசாஃப்ட் நிறுவனத்தின் பிஐ போன்ற "ஹிஸ்டோரியன்" மென்பொருள்கள் அவர்களுக்காகவே வந்தவை. அளவீடுகள் ஒரு நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தால் நடுவில் உள்ளவற்றை விட்டுவிட்டு, கோடு திரும்பும் இடங்களை மட்டும் அவை வைத்துக்கொண்டன. 1999-இல் டோபியாஸ் ஓட்டிக்கர் வெளியிட்ட ஆர்ஆர்டி-டூல் வேறு வழியில் போனது: கோப்பின் அளவு பிறக்கும்போதே நிச்சயிக்கப்படும், இடம் தீர்ந்ததும் பழையதன் மேல் புதியது எழுதப்படும். கணினி வலைப்பின்னல்களைக் கவனித்தவர்கள் பல ஆண்டுகள் அதை நம்பியே வேலை செய்தார்கள். இணைய நிறுவனங்கள் தங்கள் சர்வர்களையே சென்சார்போல அளக்கத் தொடங்கிய பிறகுதான் இன்று நாம் காலத்தொடர் தரவுத்தளம் என்று சொல்லும் வகை பெருகியது. 2012-இல் சவுண்ட்கிளவுடில் தொடங்கிய புரோமிதியஸ், 2013-இல் வந்த இன்ஃப்ளக்ஸ்டிபி, போஸ்ட்கிரெஸுக்கு மேலேயே கட்டப்பட்டு 2017-இல் வெளியான டைம்ஸ்கேல்டிபி ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. இன்ஃப்ளக்ஸ்டிபி குழுவினர் வெளியிலிருந்து எடுத்த சேமிப்பு எந்திரங்களைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் தரவுக்கென்று ஒன்றை எழுதினார்கள் என்பது, இந்தத் தரவின் இயல்பு எவ்வளவு தனியானது என்று காட்டுகிறது.

பெயர்கள் வேறானாலும் உள்ளே செய்வது ஒன்றுதான். வரும் அளவீடுகளை முதலில் நினைவகத்தில் சென்சார் வாரியாகப் பிரித்துச் சேர்த்துக்கொள்கின்றன. மின்வெட்டுக்கு அஞ்சி, பக்கத்தில் ஒரு பதிவுக் கோப்பில் வந்த வரிசையிலும் எழுதி வைத்துக்கொள்கின்றன. இரண்டு மணி நேரம் போன்ற ஓர் அளவு சேர்ந்ததும் ஒவ்வொரு சென்சாரின் தொடரையும் இறுக்கிச் சுருக்கி ஒரு கட்டாக டிஸ்க்கில் இறக்குகின்றன. இறக்கிய கட்டைப் பெரும்பாலும் மறுபடி தொடுவதில்லை. காலாவதியானால் கட்டுக் கோப்பையே தூக்கி எறிந்துவிடலாம். வரி வரியாக அழிக்க வேண்டியதில்லை.

அந்தச் சுருக்கும் கலையைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். 2015-இல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் கொரில்லா என்ற தங்கள் நினைவகத் தரவுத்தளத்தைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டார்கள். கேள்விகளில் 85 விழுக்காட்டுக்கும் மேல் கடைசி 26 மணி நேரத்தைப் பற்றியவையாக இருந்ததால், அந்த 26 மணி நேரத்தை முழுக்க நினைவகத்தில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள். நேரத்துக்கு 8 பைட், மதிப்புக்கு 8 பைட் என்று 16 பைட் பிடித்த ஓர் அளவீட்டைச் சராசரியாக 1.37 பைட்டுக்கு இறக்கினார்கள்.

நேரத்தை எப்படிச் சுருக்கினார்கள்? வினாடிக்கு ஒரு முறை தவறாமல் வரும் சென்சாரில் இரண்டு அளவீடுகளுக்கு நடுவே எப்போதும் 1,000 மில்லிவினாடிதான். எனவே நேரத்தையும் எழுதவில்லை, இடைவெளியையும் எழுதவில்லை. போன இடைவெளிக்கும் இந்த இடைவெளிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை மட்டும் எழுதினார்கள். வித்தியாசம் சுழியம் என்றால் ஒரே ஒரு பிட். அவர்களுடைய தரவில் 96 விழுக்காடு நேரக்குறிகள் அப்படி ஒரே பிட்டில் அடங்கின.

மதிப்புக்கு வேறு உத்தி. அடுத்தடுத்த இரண்டு எண்களை இரும வடிவில் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, வேறுபடும் பிட்டுகளை மட்டும் எடுப்பது. இதை எக்ஸ்-ஆர் என்பார்கள். முந்தைய மதிப்பே திரும்ப வந்தால் ஒரு பிட் போதும். அவர்களிடம் 51 விழுக்காடு அப்படி இருந்தது. நம் அறையில் என்ன ஆகும்? வெப்பம் 31.7 டிகிரியிலிருந்து 31.8-க்கு ஏறுகிறது. கண்ணுக்கு அது மிகச் சிறிய மாற்றம். ஆனால் 0.7-ஐயும் 0.8-ஐயும் இரும எண்ணில் முடிவாக எழுத முடியாது. இரண்டும் முடிவில்லாமல் நீளும் வடிவங்கள், அதுவும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் 64 பிட்டில் ஏறக்குறைய 47 பிட் வேறுபடும். சுருக்கம் என்று சொல்லவே இடமில்லை. அதே வெப்பத்தைப் பத்தால் பெருக்கி 317, 318 என்று முழு எண்ணாக வைத்துப் பாருங்கள். வேறுபடுவது இரண்டே பிட். கருவி பத்தில் ஒரு டிகிரிக்கு மேல் துல்லியமாகச் சொல்லப் போவதில்லை என்னும்போது பதின்ம எண்ணாகச் சேமிப்பதில் லாபம் ஒன்றும் இல்லை, நட்டம் மட்டும் உண்டு. காலத்தொடர் தரவுத்தளம் போட்டும் டிஸ்க் குறையவில்லை என்று குறைப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இந்தக் கணக்கு எந்த அளவில் கட்டாயமாகிறது என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம். விருதுநகர் மாவட்டத்தின் கிழக்கு எல்லையைத் தாண்டி ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் போனால் கமுதி. 2016-இல் அங்கே இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2,500 ஏக்கரில் 25 லட்சம் சூரியத் தகடுகளோடு விரிந்து கிடக்கிறது. 576 இன்வெர்ட்டர்கள், 154 மின்மாற்றிகள். அங்கே எந்தத் தரவுத்தளம் ஓடுகிறது என்பது இங்கே முக்கியமில்லை; அந்த அளவுள்ள நிலையத்துக்குக் கணக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. இன்வெர்ட்டருக்கு 40 அளவீடுகள் என்று மிதமாக வைத்து, வினாடிக்கு ஒரு முறை எடுத்தால் வினாடிக்கு 23,040, நாளைக்கு 199 கோடி. ஓர் அளவீட்டுக்கு ஒரு வரி என்றால் நாளொன்றுக்கு 165 ஜிபி. கொரில்லாவின் சராசரி கிடைத்தால் 2.7 ஜிபி. பல ஆண்டுத் தரவை வைத்து எந்தத் தகடு வரிசை மெல்ல மங்குகிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம்தான் அதைச் செய்ய முடியுமா முடியாதா என்று தீர்மானிக்கும்.

சென்சார்களின் எண்ணிக்கை லட்சங்களுக்குப் போனால் இண்டெக்ஸும் தன் முகத்தைக் காட்டும். (unarvi, neram) என்ற இண்டெக்ஸில் ஒவ்வொரு சென்சாருக்கும் தனியாக ஒரு கடைசிப் பக்கம் உண்டு, புது அளவீடு அங்கேதான் சேரும். 300 சென்சாருக்கு 300 பக்கம், அது நினைவகத்தில் தூங்கும். 10 லட்சம் மின்மீட்டர் என்றால் 10 லட்சம் பக்கங்கள், 8 ஜிபிக்கு மேல், எப்போதும் சூடாக இருக்க வேண்டும். தவிர, செக்பாயின்ட் முடிந்த பிறகு ஒரு பக்கத்தை முதன்முறை தொடும்போது போஸ்ட்கிரெஸ் அந்தப் பக்கத்தின் முழுப் பிரதியையும் WAL-இல் எழுதும். 28 பைட் சேர்க்க 8 கேபி எழுதுவதாக முடியும். செக்பாயின்ட்டின் இயல்பான இடைவெளி 5 நிமிடம். எழுதும் வேகத்தின் வரைபடம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரம்பப் பல்போல் விழுந்து எழுந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

காலத்தொடர் தரவுத்தளங்களுக்கும் பலவீனங்கள் உண்டு. அவற்றை விற்பவர்கள் இதை மெதுவாகத்தான் சொல்வார்கள்.

தாமதமாக வரும் தரவு முதல் பலவீனம். மின்சாரமோ இணைப்போ போய், ஆலையின் மூலையில் உள்ள கருவி இரண்டு மணி நேர அளவீடுகளைத் தன் மெமரி கார்டில் வைத்திருந்து பிறகு மொத்தமாக அனுப்பினால், அதற்குரிய கட்டு ஏற்கெனவே சுருக்கி மூடப்பட்டிருக்கும். புரோமிதியஸ் 2022-இல் வந்த 2.39 பதிப்பு வரை அத்தகைய பழைய அளவீடுகளை ஏற்க மறுத்தே வந்தது. அந்தப் பதிப்பில்தான் சோதனை வசதியாக அனுமதித்தது. கடிகாரம் பிசகுவதும் இதோடு சேரும். பேட்டரி தீர்ந்த கருவி மறுபடி உயிர் பெற்றதும் நேரத்தைச் சுழியத்திலிருந்து தொடங்கும். நம் நேரத்தில் அது 1970 ஜனவரி 1, காலை 5:30. அறிக்கையில் அந்தத் தேதி தென்பட்டால் எந்தக் கருவியின் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது பலவீனம் தொடர்களின் எண்ணிக்கை பெருகுவது. இந்தத் தரவுத்தளங்களில் ஒவ்வொரு அளவீட்டோடும் அறை எண், அளவீட்டின் வகை போன்ற அடையாளங்களைச் சேர்க்கலாம். அடையாளங்களின் ஒவ்வொரு புதுச் சேர்க்கையும் ஒரு புதுத் தொடர். யாரோ நல்லெண்ணத்தில் மருந்துக் கலவையின் லாட் எண்ணையும் அடையாளமாகச் சேர்த்துவிட்டார் என்று வையுங்கள். 10 கலவை அறை, அறைக்கு நாளைக்கு 8 லாட், லாட்டுக்கு 5 அளவீடு. நாளைக்கு 400 புதுத் தொடர்கள் பிறக்கும், 250 வேலை நாளில் ஒரு லட்சம். ஒவ்வொன்றும் அரை மணி, ஒரு மணி வாழ்ந்து முடிந்துவிடும். சிறுசிறு தொடர்களில் சுருக்கம் பலிக்காது, அடையாளங்களின் இண்டெக்ஸ் நினைவகத்தைத் தின்னும். லாட் எண் எந்த அறையில் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதைச் சாதாரண அட்டவணையில் வைத்து, நேரத்தால் இணைத்துக்கொள்வதே முறை.

மூன்றாவது, பழைய தரவைச் சராசரியாக்கிச் சுருக்கும் வழக்கம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தர நிலையங்களின் தரவு நமக்கு 15 நிமிடச் சராசரியாகக் கிடைக்கிறது. காற்றின் மாசுக்கு அது பொருத்தம். மருந்து அறைக்குப் பொருந்தாது. 34 டிகிரியில் இருக்கும் மேடை 40 வினாடி மட்டும் 58 டிகிரிக்குப் போய்த் திரும்பினால், அந்த 15 நிமிடத்தின் சராசரி 35.07. விபத்துக்குப் பிறகு ஆராய்கிறவர் கையில் அந்தச் சராசரி மட்டும் இருந்தால், ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் எழுதுவார். சுருக்கும்போது சராசரியோடு உச்சத்தையும் தாழ்வையும், எத்தனை அளவீடு வந்தது என்ற எண்ணிக்கையையும் வைத்தாக வேண்டும். 60 வர வேண்டிய நிமிடத்தில் 41 மட்டுமே வந்தது என்பதுகூட ஒரு செய்திதான்.

இத்தனையும் பார்த்த பிறகு விஸ்வநத்தத்து ஆலைக்கு என்ன செய்வது? புதிதாக எதையும் வாங்கச் சொல்ல மாட்டேன். போஸ்ட்கிரெஸ் போதும், சிட்டையைப் பேரேடாக மாற்றி எழுதினால்:

```sql
CREATE TABLE alaveedu_nimidam (
  nimidam  timestamptz NOT NULL,
  unarvi   integer NOT NULL,
  mathippu smallint[] NOT NULL,
  PRIMARY KEY (unarvi, nimidam)
) PARTITION BY RANGE (nimidam);
```

ஒரு சென்சாரின் ஒரு நிமிடம் ஒரு வரி. 60 வினாடி மதிப்புகளும் பத்தால் பெருக்கிய முழு எண்களாக ஒரே அடுக்கில் உட்காரும், வராத வினாடிக்கு NULL. 24 பைட் தலைப்பு இப்போது 60 அளவீடுகளுக்குப் பொதுவாகிவிட்டது. வரியின் மொத்த அளவு 188 பைட், இண்டெக்ஸோடு சேர்த்து 219. அளவீட்டுக்கு 4 பைட்டுக்கும் குறைவு. நாளைக்கு 2.15 ஜிபி இருந்தது 95 எம்பி ஆகிறது. ஓர் அறையின் நேற்றைய வெப்பத்துக்கு 86,400 பக்கத்துக்குப் பதில் அதிகம் போனால் 1,440 பக்கம். நாளுக்கு ஒரு பகுதியை உருவாக்கி வைத்தால் பழையதை அழிக்க DELETE வேண்டாம், அந்த நாளின் பகுதியை DROP TABLE செய்தால் கோப்பே போய்விடும், இடமும் உடனே திரும்பும். தாமதமாக வந்த நிமிடத்தையும் ON CONFLICT வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். 1970-ஆம் ஆண்டுத் தேதியோடு ஒரு வரி வந்தால் அதற்குப் பகுதி இல்லை என்று பிழை வரும், அதோடு சேர்ந்து வந்த நல்ல வரிகளும் தள்ளப்படும். அதற்காக DEFAULT பகுதி ஒன்றை வைத்து, தினமும் காலையில் அது காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கமுதி அளவுக்குப் போனால் இந்தக் கைவேலை தாங்காது. நிமிட அடுக்குகளைக் கட்டுவதும், சுருக்குவதும், பழையதை உச்சம்-தாழ்வாக மாற்றுவதும் என எல்லாவற்றையும் சொந்த நிரலில் பராமரிப்பதைவிட அதற்கென்றே எழுதிய தரவுத்தளத்தை எடுப்பது நல்லது. எஸ்கியூஎல் தெரிந்த ஆட்கள் இருந்தால் டைம்ஸ்கேல்டிபி பக்கம் போகலாம். உள்ளே அது செய்வதும் ஏறக்குறைய மேலே சொன்னதுதான், ஆயிரம் மதிப்புகள் வரை ஒரே வரியில் அடுக்கிச் சுருக்குகிறது. சர்வர்களைக் கவனிக்கும் வேலைக்குப் புரோமிதியஸ் சிறப்பு. ஆனால் ஓர் அளவீடுகூடத் தவறக் கூடாத பதிவுகளுக்கு அதைத் தேர்ந்தெடுக்க நான் தயங்குவேன், அது அந்த வேலைக்காகக் கட்டப்பட்டதும் அல்ல.

நிமிட அடுக்கில் ஒரு விலை இருக்கிறது: ஒரு நிமிடம் முடிந்த பிறகுதான் அது தரவுத்தளத்துக்குப் போகும். எந்தத் தரவுத்தளத்தை எடுத்தாலும் எங்கோ ஒரு தாமதம் இருக்கத்தான் செய்யும். வலைப்பின்னல் அறுந்த நாளில் அது மணிக்கணக்காகவும் ஆகலாம். ஆகவே இதை நிறுவப் போகும் ஆலைக்காரர்களிடமும், அவர்களுக்கு நிரல் எழுதும் இளைஞர்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மேடை 50 டிகிரியைத் தொட்டால் அலற வேண்டிய மணியைத் தரவுத்தளத்தில் கேள்வி கேட்டு அடிக்க வைக்காதீர்கள். அளக்கும் கருவியிலிருந்து நேராக மணிக்குக் கம்பி போகட்டும். தரவுத்தளம் நின்றாலும், சர்வர் அணைந்தாலும், அறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும்.